விசா எக்ஸ்ரேயில் இரண்டு உருளைக்கிழங்கு: சார்கொய்டோசிஸும் அடுத்தடுத்த படங்களும்

கொழும்பில் இந்தக் கதை தொடங்கும் இடங்களில் ஒன்று விசா மெடிக்கல். வெள்ளவத்தையில் இருக்கும் முப்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, கிழமையில் இரண்டு நாள் கிரிக்கெட் விளையாடுகிறார். கனடா போகப் பத்திரமெல்லாம் சரி. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து இரண்டு நாளில் கூப்பிட்டு, மேலும் சோதனை வேண்டும் என்கிறார்கள். ரிப்போட்டில் ஒரே ஒரு வரி: பைலேட்டரல் ஹைலர் லிம்ஃபடினோபதி. இரண்டு நுரையீரல் வேர்களிலும் நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றன என்பது அதன் பொருள். கூட வந்த அம்மா அறைக்கு வெளியே நின்று, மகனுக்குக் கேட்காத குரலில், "டொக்டர், இது கான்சரோ?" என்று கேட்பார்.

இவரை விசாக்காரர் என்றே அழைப்போம். அசல் ஆள் இல்லை. ஆனால் நெஞ்சுப் படம் பார்க்கிறவர்களுக்கு இவரைப் போன்றவர்கள் பழக்கமானவர்கள். அவருடைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கணுக்களைப் பெருக்க வைக்கும் சார்கொய்டோசிஸ் என்ற இந்த நோய் பாதி விளங்கிவிடும்.

முதலில் வேர் என்றால் என்ன என்று பார்ப்போம். நெஞ்சுப் படத்தில் நடுவில் வெள்ளையாக இதயம், இரண்டு பக்கமும் கறுப்பாக நுரையீரல். இதயத்தின் மேல்பாதிக்குப் பக்கத்தில், இரு பக்கமும், கிளை விட்ட சாம்பல் நிழல் ஒன்று வெளிநோக்கிப் போகும். அதுதான் நுரையீரல் வேர். வைத்தியர்கள் ஹைலம் என்பார்கள். அந்த நிழல் முழுக்க இரத்தக் குழாய்கள்தான். மூச்சுக் குழாய்க்குள் காற்று இருப்பதால் அது கறுப்பிலே கறுப்பாகக் கரைந்துவிடும். நிணநீர்க் கணுக்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் சாதாரண அளவில் அவை படத்தில் தெரியாது. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால் கையில் தட்டுப்படுமே, அதே வகைச் சுரப்பிகள்தான் இவையும். நெஞ்சுக்குள் இருப்பதால் விரலுக்கு எட்டாது, அவ்வளவுதான்.

நல்ல வேரின் வெளிக்கோடு உள்நோக்கி மடிந்திருக்கும். மேலே போகும் குழாயும் கீழே இறங்கும் குழாயும் சேர்ந்து, பக்கவாட்டில் சாய்த்து வைத்த V எழுத்தைப் போல ஒரு பள்ளம் விடும். இடது வேர் வலது வேரைவிட ஒரு சென்ரிமீற்றர் அளவு மேலே இருப்பது வழக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

விசாக்காரரின் படத்தில் அந்தப் பள்ளம் இரண்டு பக்கமும் நிரம்பியிருக்கிறது. உள்நோக்கி மடிய வேண்டிய கோடு வெளிநோக்கிப் புடைத்து, மேடும் பள்ளமுமாக, தோல் சீவாத உருளைக்கிழங்கின் ஓரம்போல் நிற்கிறது. எக்ஸ்ரே படிப்பவர்கள் உருளைக்கிழங்குக் கணு என்றுதான் சொல்வார்கள். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த உருளைக்கிழங்குக்கும் இதயத்தின் ஓரத்துக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கீற்று ஒன்று தெரிகிறதா என்று தேட வேண்டும். சார்கொய்டோசிஸில் பெருக்கும் கணுக்கள் பெரும்பாலும் வேரின் வெளிப்பக்கத்தில், மூச்சுக் குழாய் நுரையீரலுக்குள் நுழையும் இடத்தில் இருப்பவை. அதனால் அவற்றுக்கும் இதயத்துக்கும் இடையில் கொஞ்சம் நுரையீரல் மிச்சமிருக்கும். அதுதான் அந்தக் கீற்று. நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமா பெரும்பாலும் நெஞ்சின் நடுப்பகுதியிலும் முன்பகுதியிலும் பெருத்து, இதயத்தின் மேல் அப்பிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருக்கும். கறுப்புக் கீற்று இருந்தால் லிம்ஃபோமா இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் அந்த அம்மாவிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுவதற்கு அது இடம் தரும்.

மூச்சுப் பெருங்குழாயின் வலது ஓரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே வழக்கமாக நூல் போன்ற மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றுதான் இருக்கும். நான்கு மில்லிமீற்றரைத் தாண்டாது. விசாக்காரருக்கு அது பட்டையாகத் தடித்திருக்கிறது. வலது வேர், இடது வேர், பெருங்குழாயின் வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் ஒரேயடியாகக் கணு பெருத்திருப்பது சார்கொய்டோசிஸின் பழக்கமான கோலம்.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. வேரில் இருக்கும் இரத்தக் குழாயே பெருத்தாலும் வேர் பெரிதாகத்தான் தெரியும். நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியவர்களுக்கு அப்படி வரும். அப்போது நிழலின் ஓரத்திலிருந்து கிளைகள் புறப்பட்டு, போகப்போக மெலிந்து போவதைக் கண்ணால் தொடர்ந்து போகலாம். கணுவென்றால் உருண்டையாக வந்து சட்டென்று முடிந்துவிடும். இன்னும் சந்தேகமென்றால் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுப்பது நல்லது. பக்கவாட்டில் பார்க்கும்போது, மூச்சுக் குழாயின் கறுப்புப் பொட்டுக்கு மேலேயும் முன்னும் பின்னும் இரத்தக் குழாய்கள் வளைந்து நிற்கும். கீழ்ப்பக்கம் திறந்திருக்கும், குதிரை லாடம் மாதிரி. கணுக்கள் பெருத்தால் அந்தத் திறந்த கீழ்ப்பக்கமும் நிரம்பி வட்டம் முழுமையாகிவிடும். வெள்ளைக்காரர்கள் டோனட் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு உளுந்து வடை போதும்: நடுவில் ஓட்டை, சுற்றிலும் தடித்த வளையம்.

படம் சரியாக எடுக்கப்படாவிட்டாலும் ஏமாறுவோம். மூச்சை முழுக்க இழுக்காமல் எடுத்த படத்தில் குழாய்களெல்லாம் நெருங்கி, வேர் பெரிதாகத் தெரியும். பின்பக்க விலா எலும்புகளை எண்ணிப் பாருங்கள். உதரவிதானத்துக்கு மேலே ஒன்பதோ பத்தோ தெரிந்தால் மூச்சு போதுமானது. ஏழுதான் தெரிகிறது என்றால் இன்னொரு படம் எடுக்காமல் கணுவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. விசாக்காரருக்குத் திரும்ப எடுத்தார்கள். பத்து எலும்பு தெரிந்தது, உருளைக்கிழங்கும் இருந்தது.

சரி, இந்தச் சார்கொய்டோசிஸ் என்றால் என்ன? உடலின் எதிர்ப்புச் செல்கள் சில இடங்களில் ஒன்றுகூடிச் சிறு சிறு முடிச்சுகளாகின்றன. அவற்றுக்கு கிரானுலோமா என்று பெயர். எதை எதிர்த்துக் கூடுகின்றன என்பது இன்றுவரை பிடிபடவில்லை. புற்றுநோய் இல்லை, தொற்றும் இல்லை; ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளாது. தோல், கண், இதயம் என்று எங்கும் வரலாம். ஆனாலும் மிக அதிகமாக வருவது நுரையீரலிலும் அதன் வேர்க் கணுக்களிலும்தான். இரண்டு நுரையீரலின் நிணநீரும் வேர்க் கணுக்கள் வழியாகத்தான் வடிகிறது. கணுக்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பெருப்பதுதான் இந்த நோயின் கையெழுத்து.

நம் நாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரானுலோமா என்ற சொல்லைக் கேட்டதும் எந்த வைத்தியருக்கும் முதலில் நினைவு வருவது காசநோய். அதுவும் கிரானுலோமாதான், அதுவும் கணுவைப் பெருக்க வைக்கும். அப்படி நினைப்பதுதான் சரியும்கூட. ஏனென்றால் சார்கொய்டோசிஸுக்கு மருந்து தேவைப்பட்டால் கொடுப்பது, உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டிரொயிட். காசநோயைச் சார்கொய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டிரொயிட்டை மட்டும் கொடுத்தால், அடங்கிக் கிடந்த கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். தலைகீழாகவும் நடக்கும்: சார்கொய்டோசிஸுக்கு ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுப்பார்கள், இடையில் கணு தானாகவே சுருங்கும், மருந்துதான் வேலை செய்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

காசநோய்க் கணு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பெருக்கும். இரண்டு பக்கமென்றாலும் சமமாக இருக்காது. மருந்தேற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தால் நடுப்பகுதி கறுத்து, ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும். உள்ளே அழுகியிருப்பதன் அடையாளம் அது. சார்கொய்டோசிஸ் கணு உள்ளும் புறமும் ஒரே சாம்பலாகத் தெரியும். விசாக்காரரின் ஸ்கேனில் பெரிய கணு 22 மில்லிமீற்றர், உள்ளே கறுப்பில்லை. இந்த வயதில், இந்த இடத்தில், குறுக்களவு பத்து மில்லிமீற்றரைத் தாண்டினாலே பெருத்தது என்று கணக்கு.

அப்புறம் சளிப் பரிசோதனை. இருமல் இல்லாதவரிடம் சளி எப்படி வரும்? உப்புத் தண்ணீரை நெபுலைசரில் வைத்து இழுக்கச் சொல்லி வரவழைக்கலாம். மூன்று மாதிரி எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்க்க ஆறிலிருந்து எட்டு வாரம்வரை போகும். விசாக்காரர்கள் எரிச்சலடைவது இந்த எட்டு வாரத்தில்தான். வேலையை விட்டாச்சு, வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்தாச்சு என்று வந்து நிற்பார்கள். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க வழியில்லை.

காசநோய்த் தொற்றை அறியக் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனையிலும் ஒரு வேடிக்கை. இலங்கையில் பிறந்ததும் பி.சி.ஜி. போடுகிறோம்; காசநோயும் ஊரில் இருக்கிறது. ஆகவே கொஞ்சமாவது வீங்கும் என்று எதிர்பார்ப்போம். சார்கொய்டோசிஸ் உள்ள பலருக்கு ஒன்றுமே வீங்காது. எதிர்ப்புச் செல்களெல்லாம் நோயுள்ள இடத்தில் கூடியிருக்க, தோலில் அந்த எதிர்வினை மங்கிப்போகிறது. விசாக்காரரின் கையில் பூச்சியம். இது நோயை நிரூபிக்காது. ஆனால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும்.

இரண்டு பக்கமும் சமமாகக் கணு பெருத்து, ஆளுக்கு ஒரு குறையும் இல்லாவிட்டால், சில நாடுகளில் பயொப்சி எடுக்காமலே காத்திருந்து பார்ப்பார்கள். காசநோய் உள்ள நாட்டில், அதுவும் விசாக் கேள்வி தொங்கும்போது, நான் என்றால் எடுக்கச் சொல்வேன். வாய் வழியாகக் குழாயை விட்டு, அதன் முனையில் உள்ள அல்ட்ராசவுண்டால் கணுவைப் பார்த்தபடியே ஊசியால் துளி எடுப்பார்கள். விசாக்காரருக்கு அழுகல் இல்லாத கிரானுலோமா என்று வந்தது. அதே துளியில் காசநோய்க் கிருமியைத் தேடியும் கிடைக்கவில்லை. எட்டு வாரம் கழித்துக் கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை.

இனி அடுத்தடுத்த படங்களுக்கு வருவோம். நெஞ்சுப் படத்தை வைத்துச் சார்கொய்டோசிஸை எண்களாகப் பிரித்துப் பிரபலமாக்கியவர் ஸ்காடிங் என்ற ஆங்கிலேய வைத்தியர், 1961ஆம் ஆண்டு. கணு மட்டும் பெருத்திருந்தால் 1. கணுவும் நுரையீரலுக்குள் நிழலும் இருந்தால் 2. கணு இல்லாமல் நிழல் மட்டுமென்றால் 3. நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழுந்திருந்தால் 4. படம் சுத்தமாக இருந்தால் 0. ஸ்கேனில் தெரிவதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. விசாக்காரரின் ஸ்கேனில் நுரையீரல் மடல்களைப் பிரிக்கும் மெல்லிய கோட்டின்மீது, நூலில் கோத்த மணிபோல் சில புள்ளிகள் தெரிந்தன. எக்ஸ்ரேயில் அவை தெரியவில்லை. ஆகவே அவர் எண் 1தான்.

இந்த எண்களைக் கேட்டதும் எல்லோரும் செய்யும் தப்பு, புற்றுநோயின் ஸ்டேஜ் போல எண்ணிக்கொள்வது. அப்படியில்லை. 1இல் தொடங்கி 2, 3, 4 என்று படியேற வேண்டுமென்ற விதி கிடையாது. சிலர் நேராக 3இல் வந்து நிற்பார்கள். 1இல் உள்ள பலர் 0க்குப் போய்விடுவார்கள். எண் சொல்வது வேறொன்றை: மருந்தில்லாமல் தானாகத் தெளிய எவ்வளவு வாய்ப்பு என்பதை. பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் எண் 1 உள்ளவர்களில் 55 முதல் 90 சதவீதம்வரை தானாகத் தெளிகிறது. எண் 2இல் 40 முதல் 70. எண் 3இல் 10 முதல் 20. தழும்பு விழுந்த எண் 4இல் திரும்பி வருவதில்லை. தெளிகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது முதல் இரண்டு வருடத்துக்குள் நடந்துவிடும்.

அதனால் விசாக்காரருக்கு மாத்திரை ஒன்றும் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நோய் என்று பெயர் சொல்லிவிட்டு மருந்து தராமல் அனுப்பினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆறு மாதத்தில் எடுத்த படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் லைட் பொக்ஸில் மாட்டுகிறோம். வேரில் இருந்த புடைப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. பெருங்குழாயின் ஓரத்துப் பட்டையும் மெலிந்துவிட்டது. ஆனால் நுரையீரலின் மேல்பாதியிலும் நடுப்பகுதியிலும் முன்பு இல்லாத பொடிப் பொடிப் புள்ளிகள், குரக்கன் தூவினமாதிரி. ரிப்போட்டில் எண் 1 போய் எண் 2 வந்துவிட்டது. "கூடிப்போச்சுதோ?" என்று கேட்கிறார் அம்மா.

சார்கொய்டோசிஸில் கணு சுருங்கும் நேரத்திலேயே நுரையீரலில் நிழல் தோன்றுவது பழகிய நடை. லிம்ஃபோமாவில் இந்த மாதிரி நடப்பது அரிது. அதில் நிழல் கூடினால் கணுவும் சேர்ந்தே கூடும். ஆகவே இந்த இரண்டாவது படம், பார்க்கப் பயமாக இருந்தாலும், முதல் படத்தில் சொன்ன பெயர் சரி என்பதற்கு இன்னொரு சாட்சி. பயொப்சி முடிவு கையில் இல்லாதவர்களுக்கு இந்தச் சாட்சி இன்னும் பெறுமதியானது.

நோய் கூடியிருக்கிறதா என்ற கேள்விக்குப் படம் தனியாகப் பதில் சொல்லாது. சார்கொய்டோசிஸில் படமும் ஆளும் அடிக்கடி ஒத்துப்போவதில்லை. படம் முழுக்கப் புள்ளியுள்ள ஒருவர் படியேறி மூச்சிரைக்காமல் வருவார். படத்தில் கொஞ்சமே உள்ளவர் இருமி இருமி வருவார். எனவே ஊதிப் பார்க்கும் நுரையீரல் இயக்கச் சோதனையைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். விசாக்காரர் ஊதியது ஆறு மாதத்துக்கு முன் ஊதியதற்குக் குறையவில்லை. கிரிக்கெட்டும் குறையவில்லை. மாத்திரை இப்போதும் இல்லை. ஆனால் எண் மாறியதால் அடுத்த படம் மூன்று மாதத்தில்.

ஒன்பதாவது மாதத்தில் புள்ளிகள் கூடவில்லை. ஒரு வருடத்தில் வேரின் பள்ளம் இரு பக்கமும் திரும்ப வந்துவிட்டது. புள்ளிகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துப் படத்தை முன்கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், சாதாரணப் படம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். எண் 0. பலருக்கு இப்படித்தான் முடியும், எல்லோருக்கும் அல்ல. சிலருக்குக் கணு சுருங்காமல் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். நாளாக நாளாக அதில் சுண்ணாம்பு படிந்து, முட்டை ஓடுபோல ஓரம் வெளுக்கும். அது பெரும்பாலும் பழைய நோயின் மிச்சம்.

கெட்ட வழியில் போனால் எப்படித் தெரியும்? முன்னர் மனதில் வைக்கச் சொன்ன வேரின் உயரம் இப்போது உதவும். தழும்பு விழும்போது நுரையீரலின் மேற்பகுதி சுருங்கும். சுருங்கும்போது வேரை மேலே இழுக்கும். வருடா வருடம் எடுத்த படங்களில் வேர்கள் மெல்ல மெல்ல மேலேறுவது தெரிந்தால், மேற்பகுதியில் கோடு கோடாக இழுத்த நிழல்கள் கூடினால், அது எண் 4ஐ நோக்கிய பயணம். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் இந்த நகர்வு கண்ணில் படவே படாது.

இன்னொரு வகை எச்சரிக்கையும் உண்டு. அது நோயின் பெயரையே சந்தேகப்படச் சொல்வது. ஒரு பக்கக் கணு சுருங்கிக்கொண்டிருக்க மற்றப் பக்கம் மட்டும் வளர்ந்தால், முழுதாகச் சுருங்கிய கணு வருடங்கள் கழித்துத் திரும்பப் பெருத்தால், நெஞ்சுக் கூட்டில் தண்ணீர் சேர்ந்தால், பழைய ரிப்போட்டை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவை சார்கொய்டோசிஸில் அபூர்வம். காசநோயிலும் லிம்ஃபோமாவிலும் அபூர்வமில்லை. இரவில் சட்டை நனைய வியர்த்தாலும், எடை குறைந்தாலும் இதே கதைதான்.

ஒவ்வொரு தடவையும் ஸ்கேனே எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு, காசு கட்டத் தயாராக இருப்பவர்கள் குறிப்பாக. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். சாதாரண நெஞ்சு சி.டி. ஸ்கேன் ஐந்து, ஆறு மில்லிசீவர்ட்வரை போகும். அதாவது இருநூறு, முந்நூறு எக்ஸ்ரேக்குச் சமம். முப்பது வயதுக்காரருக்குக் கணு சுருங்குகிறதா என்று பார்க்க எக்ஸ்ரேயே போதும். படமும் ஆளும் ஒத்துப்போகாதபோதும், தழும்பு சந்தேகம் வரும்போதும், பெயரிலேயே சந்தேகம் வரும்போதும் ஸ்கேன்.

எக்ஸ்ரே எவ்வளவு நல்லதானாலும் கண்ணையும் இதயத் துடிப்பையும் காட்டாது. அதனால் தொடக்கத்திலேயே கண் வைத்தியரிடம் ஒரு தடவை, ஒரு ஈ.சி.ஜி., இரத்தத்தில் கல்சியம் எவ்வளவு என்று ஒரு சோதனை. கிரானுலோமாக்கள் தாமாகவே விற்றமின் டியை வீரியமாக்கிக் கல்சியத்தை ஏற்றிவிடும். பக்கத்து வீட்டு அன்ரி கொடுத்த விற்றமின் டி மாத்திரையைக் கேட்காமல் விழுங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

கடைசியாக, படங்களைப் பற்றி. பலர் ரிப்போட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு படத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். "பெருத்த வேர்கள்" என்ற வரியை இன்றைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து அளக்க முடியாது. பிலிமை அலுமாரிக்கு மேலே போட்டால் கொழும்புப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டியூப் லைட்டுக்கு முன்னால் பிடித்துப் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில், வேரின் மேலேயே மின்விசிறியின் நிழல் விழுந்திருக்கும். எடுத்த இடத்திலேயே கணினியில் போடும் தட்டில் கொப்பி கேளுங்கள். விசாக்காரர் கடைசியில் டொரொன்டோ போனபோது எல்லாப் படங்களும் திகதிவாரியாக ஒரே தட்டில் இருந்தன. பயொப்சி ரிப்போட்டை அம்மா தனியாக பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பையில் வைக்கச் சொல்லியிருந்தார்.